பழைய தாளில் புதிய கண் – 9
ஐந்து குறைவது எந்தக் கட்டத்தில்?

பழைய அறிக்கைகளை ஸ்கேன் செய்து எண்களாக மாற்றும்போது 8 என்பது 3 ஆகிவிடும் என்று சென்ற வாரம் சொல்லியிருந்தேன். சொல்லில் ஓர் எழுத்து தப்பினால் கண்ணில் இடறும். எண்ணில் இடறாது. 523 என்று இருந்தாலும் 528 என்று இருந்தாலும் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பவை ஓரத்தில் நிற்கும் மொத்தங்கள்.

1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் நடந்த விசாரணையின் அறிக்கைப்படி கப்பலில் இருந்தவர்கள் 2201 பேர். அந்தக் கணக்கு அட்டவணையாகும்போது இப்படி இருக்கும்:

| | பிழைத்தோர் | மாண்டோர் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 203 | 122 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 118 | 167 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 178 | 528 | 706 |
| ஊழியர் | 212 | 673 | 885 |
| மொத்தம் | 711 | 1490 | 2201 |

பள்ளியில் அணிகள் பாடத்தில் படித்த அதே நிரை, நிரல்தான். குறுக்கே ஓடுவது நிரை, கீழே இறங்குவது நிரல். இதில் 528 மட்டும் 523 என்று பதிவாகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பு நிரையைக் கூட்டினால் 701 வருகிறது, தாளில் 706. ஐந்து உதைக்கிறது. ஆனால் அந்த நிரையில் இரண்டு கட்டங்கள் உண்டு, குற்றவாளி எது என்று நிரைக்குத் தெரியாது. இப்போது நிரல்களைக் கூட்டுங்கள். பிழைத்தோர் 711, சரி. மாண்டோர் 1485, அதிலும் ஐந்து குறைவு. உதைக்கும் நிரையும் உதைக்கும் நிரலும் வெட்டிக்கொள்வது ஒரே கட்டத்தில். இரண்டிலும் குறைவது அதே ஐந்து என்பதால் சரியான எண்ணும் கையில் கிடைத்துவிடுகிறது: 523 + 5.

விரிதாளில் இதற்கு இரண்டு சூத்திரம் போதும். முதல் நிரை 2-ஆம் வரியில் தொடங்கினால்:

```
=SUM(B2:C2)-D2
=SUM(B2:B5)-B6
```

முதலாவதை ஒவ்வொரு நிரைக்கும், இரண்டாவதை ஒவ்வொரு நிரலுக்கும் இழுத்துவிடுங்கள். பூஜ்யம் வராத இடத்தை மட்டும் பார்த்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: D நிரலிலும் 6-ஆம் வரியிலும் இருப்பவை தாளில் அச்சான மொத்தங்களாக இருக்க வேண்டும். "மொத்தத்தை ஏன் சார் டைப் பண்ணணும், ஃபார்முலாவே போட்டுக்கும்ல?" என்று வேலை செய்ய வரும் பையன்கள் கேட்பார்கள். அப்படிப் போட்டால் தவறான எண்ணுக்கு ஏற்ற மொத்தம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் பூஜ்யம் காட்டும். தட்டச்சு வேலையில் நான் கண்ட மிகப் பெரிய கேடு இதுதான்.

ஒரு நிரை மட்டும் உதைத்து, பிழைத்தோர், மாண்டோர் நிரல்கள் இரண்டும் சரியாக இருந்தால்? உள்ளே இருக்கும் கட்டங்களைத் தொடாதீர்கள், ஓரத்து மொத்தமே தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது. 706 என்பது 766 ஆகியிருந்தால், மொத்தங்களின் நிரலைக் கூட்டும்போது 2201-க்குப் பதில் 2261 வந்து அதுவும் உறுதியாகிவிடும்.

பிழை இரண்டானால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் 5 குறைவு, ஊழியரில் 36 குறைவு, மாண்டோர் நிரலில் 41 குறைவு என்று வந்தால், ஐந்தும் முப்பத்தாறும் சேர்ந்து நாற்பத்தொன்று. இரண்டு பிழையும் மாண்டோர் நிரலில்தான். அந்த 36 ஒன்பதால் வகுபடுவதைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 673 என்பது 637 ஆகியிருக்கிறது. கணக்குப்பிள்ளைகளுக்கு இது பழைய பாடம்.

ஆனால் 122 என்பது 127 ஆகி, 528 என்பது 523 ஆனால், ஏறியதும் இறங்கியதும் ஒரே நிரலுக்குள் அடங்கிவிடும். இரண்டு நிரைகள் உதைக்கும், நிரல் எதுவும் உதைக்காது. அந்த இரண்டு நிரைகளையும் ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. படித்தது எல்லாம் சரியாக இருந்தும் கணக்கு உதைத்தால் அச்சிலேயே தப்பு. அங்கே எண்ணை மாற்றாதீர்கள்; தாளில் உள்ளபடியே விட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. இதே அட்டவணையில் நிரைகள் நான்கும் சரி. பிழைத்தோர் நிரல் 350 கூடுதல், மாண்டோர் நிரல் 350 குறைவு. ஏதோ ஒரு நிரையில் இரண்டு எண்கள் கட்டம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. எந்த நிரை என்று ஸ்கேனைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். விடை அடுத்த வாரம்.

(தொடரும்)