நாலு பிரதி, ஒரு புத்தகம்

கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள், அது பி.இ. ஆனாலும் பி.சி.ஏ. ஆனாலும், டேட்டாபேஸ் பாடத்துக்கு ஒரு மினி புராஜெக்ட் செய்வது வழக்கம். அதில் தவறாமல் வரும் தலைப்பு 'நூலக மேலாண்மை'. ஸ்பைரல் பைண்டிங்கோடு வரும் அந்த அறிக்கைகளின் முன்னுரையைப் புரட்டினால், 'இன்றைய நவீன உலகில் கணினி இன்றியமையாதது' என்று ஆரம்பிக்கும். அடுத்த பத்தி, கையால் எழுதும் பதிவேட்டின் குறைகளைச் சொல்லும். அதற்கடுத்தது எந்த மென்பொருளில் செய்தோம் என்கிற விளக்கம். நூலகத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. தலைப்பை 'மருத்துவமனை மேலாண்மை' என்று மாற்றிவிட்டாலும் அந்த முன்னுரை செல்லும்.

முன்னுரைக்கு உள்ள வேலை வேறு. இந்தத் தரவுத்தளம் எதுவரை போகும், எதைத் தொடாது. எந்தெந்தப் பொருள்களைப் பற்றிய விவரத்தைத் தனித்தனி அட்டவணையாக வைக்கிறது. ஏன் அப்படிப் பிரித்தோம். இந்த மூன்றையும் நேராகச் சொல்லிவிட்டால் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் நூலகத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு துறை நூலகத்தை எடுத்துக்கொள்வோம். சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் சேர்ந்து எழுதிய 'டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்' அங்கே நாலு பிரதி இருக்கிறது. மாணவர்கள் முதலில் போடுவது 'புத்தகம்' என்று ஒரே அட்டவணை. அதில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, கடைசியில் 'எண்ணிக்கை 4' என்று ஒரு பத்தி. யாராவது எடுத்துப்போனால் 4 என்பது 3 ஆகும், திருப்பித் தந்தால் மறுபடி 4. பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது.

செமஸ்டர் முடிவில் ஒரு பிரதி கடைசி முப்பது பக்கம் கிழிந்து திரும்பி வருகிறது. மேசையில் வைத்துவிட்டுப் போனது யார் என்று பார்க்கவில்லை. அந்தப் பிரதி கடைசியாக யாரிடம் இருந்தது? 'எண்ணிக்கை 4' இதற்குப் பதில் சொல்லாது. நாலு பேர் எடுத்துப்போனார்கள் என்று தெரியும். எந்தப் பிரதி யாரிடம் போனது என்று தெரியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. திருப்பித் தரும்போது மின்சாரம் போய், கடன் முடிந்ததாகப் பதிவாகி எண்ணிக்கை கூட்டப்படாமல் விட்டுப்போனால், அலமாரியில் நாலு இருக்கும், திரை மூன்று என்று சொல்லும். எது சரி என்று கண்டுபிடிக்க அலமாரிக்குத்தான் போக வேண்டும்.

கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே நூலகர்கள் இதற்கு வழி கண்டிருந்தார்கள். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு பிரதிக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் தனி வரிசை, தனி எண். அதுதான் அக்சஷன் நம்பர். நாலு பிரதி வாங்கினால் 2101 முதல் 2104 வரை நாலு எண்கள். தலைப்புப் பக்கத்தின் பின்னால் முத்திரைக்குள் பேனாவால் எழுதியிருப்பார்களே, அதே எண்தான். ஒரு பிரதி தொலைந்தாலும் அதன் எண்ணை வேறு புத்தகத்துக்குத் தர மாட்டார்கள். கையெழுத்துப் பதிவேட்டின் குறைகளைப் பட்டியல் போடும் மாணவர்கள், அந்தப் பதிவேட்டை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் பாதி வடிவமைப்பு அங்கேயே கிடைத்திருக்கும்.

ஆகவே அட்டவணை இரண்டாகிறது. தலைப்பு, பதிப்பு, பதிப்பகம், ஆண்டு எல்லாம் `title` அட்டவணையில் ஒரே ஒரு வரிசை. அதைச் சார்ந்து `copy` அட்டவணையில் 2101, 2102, 2103, 2104 என்று நாலு வரிசை. ஒவ்வொன்றிலும் வாங்கிய தேதி, விலை, இப்போதைய நிலை. கோஹா என்கிற இலவச நூலக மென்பொருளை நம் ஊர்க் கல்லூரி நூலகங்கள் பலவும் பயன்படுத்துகின்றன. நியூசிலாந்தில் உருவாகி 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது அது. அதன் உள்ளேயும் `biblio`, `items` என்று இந்தப் பிரிவினைதான்.

ஆசிரியர் பெயரையும் தலைப்போடு ஒட்டிவைக்க முடியாது. மேலே சொன்ன புத்தகத்துக்கு மூன்று ஆசிரியர்கள். மூன்று பெயரையும் கமா போட்டு ஒரே கட்டத்தில் எழுதினால், சுதர்சன் எழுதிய எல்லாப் புத்தகங்களையும் தேடுவது சிரமம். எனவே ஆசிரியர் தனி அட்டவணை. எந்தத் தலைப்புக்கு எந்த ஆசிரியர் என்று சொல்ல நடுவில் ஒரு சிறு இணைப்பு அட்டவணை. பாடப்புத்தகத்தைப் பார்த்து ஆசிரியர் பெயரை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று உடைப்பவர்கள் நம் ஊர்ப் பெயர்களிடம் மாட்டிக்கொள்வார்கள். தலைப்பெழுத்தோடு இருப்பவரின் கடைசிப் பெயர் எது? சுஜாதா என்ற புனைபெயரை எப்படி உடைப்பது? அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரை ஒரே கட்டத்தில் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். இதை முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் தேர்வாளருக்கு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று புரியும்.

ஒவ்வொரு அட்டவணைக்கும் வரிசைகளை அடையாளம் காட்டும் ஒரு சாவி வேண்டும். தலைப்புக்குச் சாவியாக ஐ.எஸ்.பி.என். எண்ணை வைக்க எல்லோருக்கும் தோன்றும். உலகம் முழுக்கத் தனித்துவமான எண்ணாயிற்றே. ஆனால் பழைய தமிழ்ப் பதிப்புகள் பலவற்றில் அந்த எண்ணே கிடையாது. சாவி காலியாக இருக்க முடியாது. 2007-க்கு முன் அது 10 இலக்கம், அதன் பிறகு 13. பத்து இலக்க எண் பூஜ்யத்தில் தொடங்கலாம், X என்ற எழுத்தில் முடியலாம். எண் வகைக் கட்டத்தில் போட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும், X உள்ளேயே நுழையாது. ஆகவே தலைப்புக்கு நாமே ஒரு வரிசை எண் கொடுத்து, ஐ.எஸ்.பி.என்.னை எழுத்து வகையாக, காலியாகவும் இருக்கலாம் என்று வைப்பது நல்லது. மாணவரின் பதிவெண்ணுக்கும் இதே கதைதான். அண்ணா பல்கலைக்கழகப் பதிவெண் 12 இலக்கம். மைஎஸ்க்யூஎல்லின் `INT` வகை 2147483647-க்கு மேல் தாங்காது.

இனி எல்லாவற்றையும் இணைக்கும் கடன் அட்டவணை. மாணவர்கள் இதைப் பிரதியின் வரிசையிலேயே 'யாரிடம் உள்ளது' என்று ஒரு பத்தியாகச் சேர்ப்பதுண்டு. புத்தகம் திரும்பியதும் அந்தப் பெயர் அழிந்துவிடும். கிழிந்த பிரதியின் வரலாறும் அதோடு போய்விடும். ஒவ்வொரு முறை எடுத்துப்போவதும் ஒரு தனி நிகழ்ச்சி, அதற்கு ஒரு தனி வரிசை:

```sql
CREATE TABLE loan (
  loan_id     INT PRIMARY KEY,
  acc_no      INT NOT NULL,
  member_id   VARCHAR(12) NOT NULL,
  issued_on   DATE NOT NULL,
  due_on      DATE NOT NULL,
  returned_on DATE,
  fine        DECIMAL(6,2),
  FOREIGN KEY (acc_no) REFERENCES copy(acc_no),
  FOREIGN KEY (member_id) REFERENCES member(member_id)
);
```

`returned_on` காலியாக இருந்தால் புத்தகம் வெளியே இருக்கிறது. தேதி விழுந்துவிட்டால் திரும்பிவிட்டது. அலமாரியில் எத்தனை பிரதி உண்டு என்பதை எங்கும் எழுதிவைக்கத் தேவையில்லை. புழக்கத்தில் உள்ள பிரதிகளில் இன்னும் திரும்பாத கடன்களைக் கழித்தால் கிடைத்துவிடும். கூட்டிக் கழிக்க முடிந்ததைச் சேமிக்காதே என்று வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான்.

அப்படியானால் கெடு தேதியையும் அபராதத்தையும் ஏன் சேமிக்க வேண்டும்? எடுத்த தேதியோடு 14 நாள் கூட்டினால் கெடு வந்துவிடுமே என்று நன்றாகப் படிக்கும் மாணவர்தான் கேட்பார். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2103 எண்ணுள்ள பிரதி ஜூலை 8 அன்று போகிறது, கெடு ஜூலை 22, திரும்பியது ஜூலை 27. ஐந்து நாள் தாமதம், நாளுக்கு ஒரு ரூபாய், மாணவி ஐந்து ரூபாய் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். டிசம்பரில் அபராதம் நாளுக்கு இரண்டு ரூபாய் ஆகிறது. தொகையைச் சேமிக்காமல் இன்றைய விகிதத்தை வைத்துக் கணக்குப் போடும் நிரல், ஜூலைக் கடனுக்கும் பத்து ரூபாய் என்று காட்டும். கட்டி முடித்தவர் பெயரில் ஐந்து ரூபாய் பாக்கி நிற்கும். விதி மாறும், நடந்துபோனது மாறாது. அதனால் அன்றைய விதிப்படி முடிவான கெடுவும் தொகையும் அன்றே எழுதப்பட வேண்டும். இந்த விதிவிலக்கை முன்னுரையில் சொல்லாமல் விட்டால் வைவாவில் இதையே தவறு என்பார்கள்.

ஒரே பிரதி ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இருக்க முடியாது என்பது இன்னொரு விதி. நிரலில் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலோர் விடுகிறார்கள். இரண்டு மேசையில் ஒரே நொடியில் பதிவு நடந்தால் இரண்டும் உள்ளே போய்விடும். போஸ்ட்கிரெஸ்ஸில் இதைத் தரவுத்தளமே தடுக்கும்:

```sql
CREATE UNIQUE INDEX one_open_loan
ON loan (acc_no) WHERE returned_on IS NULL;
```

மைஎஸ்க்யூஎல்லில் இப்படி நிபந்தனை போட்ட இன்டெக்ஸ் கிடையாது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் வேறு வழி தேட வேண்டும், அல்லது இந்த விதி நிரலின் பொறுப்பு என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

எல்லைக்கு வருவோம். பருவ இதழ்கள், மின்னூல், கொள்முதல், முன்பதிவு என்று எல்லாவற்றையும் செய்வோம் என எழுதிவிட்டுப் பாதியைச் செய்யாமல் விடுவது வழக்கமான விபத்து. இதழ்களைப் புத்தகத்தோடு சேர்க்கவே கூடாது; அவை மாதாமாதம் வந்துகொண்டேயிருப்பவை, அவற்றுக்கு வேறு அமைப்பு வேண்டும். முன்பதிவு மட்டும் கொஞ்சம் சுவையானது. எடுத்துப்போவது 2103 என்ற குறிப்பிட்ட பிரதியை. முன்பதிவு செய்வதோ எந்தப் பிரதி கிடைத்தாலும் சரி என்று. ஆக கடன் பிரதியோடும், முன்பதிவு தலைப்போடும் இணைய வேண்டும். இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால் பின்னால் வருகிறவர் அதைச் சேர்ப்பது எளிது.

அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. தமிழில் எழுதினால் முன்னுரையின் முக்கியமான பத்தி இப்படி இருக்கலாம்:

'இத்தரவுத்தளம் ஒரு துறை நூலகத்தின் புத்தகக் கடன்களை மட்டும் பதிவு செய்கிறது. இதழ், மின்னூல், கொள்முதல், முன்பதிவு இதில் இல்லை. தலைப்பு, பிரதி, ஆசிரியர், உறுப்பினர், கடன் ஆகிய ஐந்தும் இதன் பொருள்கள். தலைப்பையும் பிரதியையும் பிரித்துள்ளோம். ஒவ்வொரு பிரதியின் கடன் வரலாறும் தனியே தேவைப்படுகிறது. இருப்பு எண்ணிக்கை சேமிக்கப்படுவதில்லை. கெடு தேதியும் அபராதமும் சேமிக்கப்படுகின்றன. விதிகள் மாறினாலும் பழைய பதிவு மாறக்கூடாது. தொலைந்த பிரதி நீக்கப்படாமல் நிலை மட்டும் மாற்றப்படும்.'

கடைசி வரி சும்மா சேர்த்ததல்ல. தொலைந்த 2104-ஐ நீக்கப் போனால், அதன் பழைய கடன்கள் அதைச் சுட்டிக்கொண்டிருப்பதால் தரவுத்தளம் மறுத்துவிடும். கடன்களையும் சேர்த்து அழித்தால், கடைசியாக எடுத்துப்போனவர் யார் என்ற தடயமும் போய்விடும்.

மினி புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு ஒரு யோசனை: முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். அட்டவணைகளில் மாதிரித் தரவைப் போட்டு, ஒரு பிரதியைக் கிழித்து, ஒன்றைத் தொலைத்து, நடுவில் அபராத விகிதத்தை மாற்றிப் பாருங்கள். அப்போது எந்த வடிவமைப்பு தாங்கியது, ஏன் தாங்கியது என்று தெரியும். அதையே எழுதினால் போதும். நவீன உலகத்தைப் பற்றிய பத்தி தேவைப்படாது.