ஓடுகிறவர்களுக்கு வரும் முழங்கால் வலி

மும்பையில் ஜனவரியில் நடக்கும் மாரத்தான் பந்தயத்தை உத்தேசித்து, தீபாவளிக்குப் பிறகு அவசர அவசரமாக ஓடத் தொடங்குகிறவர்கள் உண்டு. மூன்று நான்கு வாரங்களில் அவர்களில் சிலருக்கு முழங்கால் வலி கண்டுவிடுகிறது. இது பெரும்பாலும் இரண்டு வகை. வலிக்கும் இடத்தைக் கொண்டே எந்த வகை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முழங்கால் சில்லைச் சுற்றியோ அதற்குப் பின்னாலோ வலித்தால் அது ஒரு வகை. மாடிப்படி இறங்கும்போதும், குந்தி உட்காரும்போதும், சினிமாக் கொட்டகையில் காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்த பிறகும் அது அதிகமாகும்.

மற்றது முழங்காலின் வெளிப்பக்கத்தில் தோன்றித் தொடை வரை ஏறும் வலி. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் போய்ச் சேரும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. முழங்கால் சற்றே மடங்கும்போது, தொடை எலும்பின் வெளி முனையில் அது அழுந்துகிறது. ஓடும்போது காலடிக்குக் காலடி இப்படி அழுந்துவதால் அந்த இடம் நோகிறது.

மாதுங்காவில் குடியிருக்கும் குமாஸ்தா ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வாரம் 8 கிலோமீட்டர் ஓடிவந்தவர், இரண்டே வாரத்தில் 20 ஆக்கிவிட்டார். அதுவும் சரிவான சாலையின் ஒரே ஓரமாக ஓடினார். மூன்றாவது கிலோமீட்டரில் வெளிப்பக்கம் சுரீரென்றது, நின்றதும் போய்விட்டது. மறுமுறை ஓடியபோது இரண்டாவது கிலோமீட்டரிலேயே வந்தது. இது நார்ப்பட்டை வலியின் அடையாளம்.

தைலம் தேய்ப்பது சற்று இதமாக இருக்கும்; காரணத்தைத் தீர்க்காது. காரணம், திடீரென்று கூட்டிய தூரமும், அதைத் தாங்கும் பலமில்லாத இடுப்புத் தசையும்தான். ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டியபடி மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். 15 தடவை வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் அந்தத் தசை வலுக்கும்.

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலிக்காத பிறகே ஓட்டத்துக்குத் திரும்பலாம். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓடி, நான்கு நிமிடம் நடக்க வேண்டும்; இப்படி ஆறு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் இரண்டு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை. இவ்விதமாக வாரம் ஒரு நிமிடம் ஓட்டத்தைக் கூட்டி, அதே அளவு நடையைக் குறைக்கலாம். அடிகளைச் சற்றுக் குட்டையாக வைத்தால் முழங்காலின் சுமை குறையும். முதலில் சமதரையே நல்லது.

ஓடும்போது லேசாக வலித்து, மறுநாள் காலை இல்லாவிட்டால் தொடரலாம். காலையிலும் வலி நின்றால், முந்தின வாரத்து அளவுக்கே இறங்கிவிட வேண்டும்.

முழங்கால் வீங்கினாலோ, மடக்கிய கால் பூட்டிக்கொண்டாலோ, நிற்கையில் கால் நழுவினாலோ, ராத்திரியில் வலித்துத் தூக்கம் கெட்டாலோ இந்த வைத்தியம் போதாது. டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.