பில்லில் சேராத பிரயாணம்

பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துக்கொண்டு புறப்படும் குடும்பம், துணிமணிகளோடு இன்ஷூரன்ஸ் அட்டையையும் பத்திரமாகப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஐந்து லட்ச ரூபாய்க்குப் பாலிசி இருக்கிறது, ‘கேஷ்லெஸ்’ வசதியும் இருக்கிறது, ஆகவே பணத்தைப் பற்றிய விசாரம் வேண்டியதில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிறார்கள். ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் உரிய தொகையின் பெரும்பகுதியை அந்த அட்டை கொடுத்துவிடக்கூடும். ஆனால் ரயில், டாக்ஸி, லாட்ஜ், சாப்பாடு, உடன் இருப்பவர் இழக்கும் கூலி ஆகிய ஐந்தும் அதன் கணக்கில் சேருவதில்லை. வைத்தியத்தைப் பாதியில் நிறுத்த வைப்பதோ பெரும்பாலும் இந்த ஐந்துதான்.

இதற்குக் காரணம் பாலிசியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் காலத்தில் நோயாளிக்கு ஏற்படும் வைத்தியச் செலவைக் கொடுப்பதே சாதாரண பாலிசியின் உத்தேசம். அதற்கு முன் 30 நாளும் பின் 60 நாளும் கணக்கில் சேர்கின்றன என்று பல பாலிசிகளில் எழுதியிருப்பதும், அந்த நாட்களில் பார்த்த டாக்டர் பீஸ், எடுத்த பரிசோதனை, வாங்கிய மருந்து ஆகியவற்றுக்கே பொருந்தும். மறு பரிசோதனைக்கு வந்து போனவருக்கு டாக்டர் பீஸ் திரும்பக் கிடைக்கும். அந்த டாக்டரைப் பார்ப்பதற்காக அவர் இரவெல்லாம் கண்விழித்து வந்த ரயிலின் கட்டணம் கிடைக்காது. இதைத் தவிர, இந்திய இன்ஷூரன்ஸ் துறையில், கொடுக்க வேண்டியதில்லை என்று வகுக்கப்பட்ட 68 இனங்களைக் கொண்ட பட்டியல் ஒன்றும் உண்டு. உடனிருப்போர் கட்டணம், போக்குவரத்துக் கட்டணம், நோயாளிக்கு ஆஸ்பத்திரி தரும் பத்திய உணவைத் தவிர்த்த மற்றச் சாப்பாடு, குடிநீர் பாட்டில், பிரத்தியேக நர்ஸ் சம்பளம் எல்லாம் அதில் இருக்கின்றன. கூடுதல் பிரீமியம் கட்டினால் இந்தப் பட்டியலிலுள்ளவற்றையும் கொடுக்கும் இணைப்பு இப்போது விற்கப்படுகிறது என்பது வாஸ்தவம். ஆனால் அதுவும் ஆஸ்பத்திரி பில்லில் ஏறிய இனங்களுக்கே உதவும், எதிர்த் தெரு லாட்ஜின் ரசீதுக்கு உதவாது.

பிரயாணம் என்ற தலைப்பில் பாலிசி அறிந்த ஒரே வாகனம் ஆம்புலன்ஸ்தான். 2020-ஆம் வருஷத்தில் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரியாக விற்கவேண்டும் என்று ஏற்படுத்தப்பட்ட ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேருவதற்கு ஆம்புலன்ஸ் செலவாக அதிகபட்சம் 2,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஜில்லாத் தலைநகரிலிருந்து சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் போகிறவருக்கு அந்தத் தொகை டீசலுக்கே போதாது. ஆம்புலன்ஸ் கிடைக்காமலோ, கட்டுப்படியாகாமலோ டாக்ஸியில் படுக்கவைத்து அழைத்துப் போனால் அந்த 2,000 ரூபாயையும் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆபரேஷன் முடிந்து தையல் பிரியாத உடம்போடு வீடு திரும்பும் பிரயாணத்துக்கோ, பெரும்பாலான பாலிசிகளில் இடமே இல்லை.

விஷயம் விளங்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ராமநாதபுரம் பக்கத்தில் ஐம்பத்தைந்து வயதுள்ள ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய்; சென்னையில் ஆபரேஷன்; காயம் ஆறியதும் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் இந்தச் சிகிச்சை இத்தகைய நோய்க்குச் சாதாரணமாக 30 தடவை, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் நடக்கும். அதற்கு முன்னால் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்து வலைபோன்ற பிளாஸ்டிக் அச்சு தயாரித்து, ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுவதற்குச் சில நாள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தின்கீழ் படுத்திருப்பது சில நிமிஷங்கள்தான். அதற்காக அவரும் அவருடைய மகனும் சுமார் 45 நாள் பட்டணத்தில் குடியிருக்கவேண்டும்.

அறை வாடகை நாளைக்கு 700 ரூபாய் என்று வைத்தால் 31,500 ரூபாய்; இருவர் சாப்பாட்டுக்கு நாளைக்கு 400 வீதம் 18,000; ஆஸ்பத்திரிக்குப் போகவர ஆட்டோ, 30 நாளுக்கு 6,000; ஆபரேஷனுக்குப் பிறகு ஊர் திரும்பிய டாக்ஸி 9,000; மற்ற ரயில், பஸ் பிரயாணங்களுக்கு 4,000. இதுவரை 68,500 ரூபாய். மகன் நாளைக்கு 600 ரூபாய் கூலிக்குப் போகிறவன். அந்த 45 நாளில் 36 நாள் வேலை கிடைத்திருக்கும் என்று கொண்டால் இழந்த கூலி 21,600. ஆக 90,100 ரூபாய். இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஆபரேஷன், கதிர்வீச்சு இரண்டுக்கும் உரிய முழுத்தொகையையும் ஒரு குறையும் சொல்லாமல் கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். இந்தத் தொண்ணூறாயிரத்தில் ஒரு ரூபாயைக்கூட அது கொடுத்திராது.

இங்கே இன்னொரு சிக்கலையும் கவனிக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரமோ இரண்டாயிரமோ ரொக்கப்படி தரும் இணைப்பை வாங்கியிருப்பவர்கள், லாட்ஜ் செலவை அதில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் படி கிடைப்பதற்கு ஒரு முழு நாளாவது உள்நோயாளியாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கதிர்வீச்சு ‘டே கேர்’ இனத்தைச் சேர்ந்தது; சிகிச்சைக் கட்டணம் கிடைக்கும், தங்கும் படி கிடைக்காது. பட்டணத்தில் அதிக நாள் தங்கவைக்கும் சிகிச்சை எதுவோ, அதற்குத்தான் தங்கும் படி மறுக்கப்படுகிறது என்பது இந்த ஏற்பாட்டின் விபரீதம்.

இந்தக் கணக்கில் என்னை அதிகம் வருத்துவது உடனிருக்கும் அந்த மகனின் நிலைமையே. ஆஸ்பத்திரி பாஷையில் அவன் ‘அட்டெண்டர்’. பாஸ் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரவில் வராந்தாவிலே படுத்து, காலையில் பில் கவுண்ட்டரிலும், பகலில் பரிசோதனைச் சாலை வாசலிலும் நிற்கிறவன். மூன்றாம் வாரத்தில் தகப்பனாரின் வாயெல்லாம் புண்ணாகி விழுங்க முடியாமல் போகும்போது, கஞ்சியை வடித்து ஆறவைத்துச் சிறுகச் சிறுக ஊட்டுகிறவன் அவன்தான். மூக்குவழியாகக் குழாய் போட்டுவிட்டால் அதில் மணிக்கணக்குப் பார்த்து உணவு செலுத்துகிறவனும் அவன்தான். இதே வேலைக்குச் சம்பள ஆளை வைத்தால் பாலிசி கொடுக்காது; மகனே செய்தாலும் கொடுக்காது. ஆனால் அவன் இல்லாவிட்டால், பாலிசி பணம் கொடுக்கும் அந்தச் சிகிச்சை ஒரு நாள்கூட நடவாது.

அவனுடைய கைப்பணம் கரைவதன் விளைவை நோயாளியின் உடம்பு அனுபவிக்கிறது. நான்காம் வாரத்தில் வாடகைக்கு வழியில்லாமல், “நாலு நாள் ஊருக்குப் போய்ப் பணம் புரட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்” என்று கிளம்பும் குடும்பங்கள் உண்டு. வாய், கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சில் இடைவெளி விழுவது சாமானிய விஷயமில்லை. நிறுத்திய நாட்களில் எஞ்சியுள்ள புற்றணுக்கள் மறுபடியும் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன, பின்னர் அதே 30 தடவையைப் பூர்த்தி செய்தாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை. லட்சக்கணக்கில் கொடுத்த இன்ஷூரன்ஸ் பணமும் அத்தோடு வீணாகிறது. சில ஆயிரம் ரூபாய் அறை வாடகையைக் கொடுக்க மறுத்து, சில லட்ச ரூபாய்ச் சிகிச்சையின் பலனை இழப்பது எந்த வியாபாரக் கணக்கில் சேரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பிரயாணத்தையும் தங்குதலையும் சேர்த்தால் பொய்க் கணக்குகள் பெருகும், பிரீமியம் உயரும் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்வார்கள். அதற்கு விடை பழைய அனுபவத்திலேயே இருக்கிறது. 2008-இல் ஏழைக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய ராஷ்டிரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனாவில், வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரையில் வைத்தியச் செலவும், அதற்குள்ளேயே ஆஸ்பத்திரியில் சேரும் ஒவ்வொரு தடவைக்கும் 100 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 1,000 ரூபாய் வரையில் போக்குவரத்துப் படியும் வைத்திருந்தார்கள். தொகை சொற்பந்தான், ஆனால் நிர்ணயித்த படியாகக் கொடுத்தால் பொய்க் கணக்குக்கு இடமில்லை என்ற தத்துவம் அதிலே அடங்கியிருந்தது. இயந்திரத்தின்கீழ் படுத்த ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறுகிறது; அந்தப் பதிவைப் பார்த்து நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுப்பதற்கு லாட்ஜ் ரசீதே வேண்டியதில்லை.

அந்த நாள் வரும்வரையில் குடும்பங்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய காரியங்கள் சில உண்டு. ஆபரேஷன் சென்னையில் நடந்தாலும் கதிர்வீச்சும் அங்கேதான் நடக்கவேண்டும் என்பதில்லை. மதுரை, திருநெல்வேலி போன்ற நகரங்களிலும் அதற்குரிய இயந்திரங்கள் உண்டு. ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றோடு டாக்டரின் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு அருகிலுள்ள நகரத்துக்குப் போனால், வாரக் கடைசியில் வீடு திரும்பலாம், உடனிருக்கும் முறையை உறவினர் இருவர் மூவர் பகிர்ந்துகொள்ளவும் செய்யலாம். இதை ஆபரேஷனுக்கு முன்னரே டாக்டரிடம் கேட்டுவிடவேண்டும். பட்டணத்தில் தங்கவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டால், முதல் நாளே ஆஸ்பத்திரியின் சோஷியல் ஒர்க்கரைப் பார்த்து, தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் குறைந்த வாடகை விடுதிகளைப் பற்றி விசாரிக்கவேண்டும். கஞ்சி வைப்பதற்கு அடுப்புள்ள அறையே உத்தமம். புற்றுநோயாளி சிகிச்சைக்காகச் செய்யும் ரயில் பிரயாணத்தில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. இரண்டிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் சலுகை. துணைக்கு வருபவருக்கு நூற்றுக்கு 75 பங்கு சலுகை. குறிப்பிட்ட படிவத்தில் ஆஸ்பத்திரி தரும் சர்ட்டிபிகேட்டை ஸ்டேஷன் கவுண்ட்டரில் காட்டி டிக்கெட் வாங்கவேண்டும். இதைத் தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் அநேகர்.

தேக சௌக்கியத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புற்றுநோய், மாரடைப்பு போன்ற கடும் நோய் என்று நிச்சயமானால் பில் எதுவும் கேட்காமல் மொத்தத் தொகையாகக் கொடுத்துவிடும் ‘கிரிட்டிக்கல் இல்னஸ்’ பாலிசி தனியே கிடைக்கிறது. அந்தப் பணத்தை வாடகைக்கும் கொடுக்கலாம், இழந்த கூலிக்கும் ஈடு செய்யலாம். வாங்கிய முதல் 90 நாளில் வரும் நோய்க்கு அது உதவாது, ஆரம்ப நிலைப் புற்றுநோயைப் பலவற்றில் விலக்கியிருப்பார்கள், நோய் நிச்சயமான பிறகு 30 நாள் உயிரோடு இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் சாதாரணம். இவற்றைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். சாதாரண பாலிசியோடு இதையும் சிறிய தொகைக்காவது சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வசதியில்லாதவர்கள், ஒரு லட்ச ரூபாயை வைத்தியத்துக்கென்று இல்லாமல் வைத்தியத்துக்குத் துணைபோகிறவனுக்கென்று பாங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள்.