புகையா, பனியா? மலைப்பள்ளி வகுப்பறையில் காற்றை அளப்பது எப்படி?

70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கொல்லிமலைக்கு ஏறினால், மார்கழி காலையில் பத்தடி தூரத்தில் இருப்பவரைக்கூடப் பார்க்க முடியாது. பெரக்கரை நாடு போன்ற மேட்டுப்பகுதி ஊர்களில், பள்ளி மணி அடிக்கும்போது பனிமூட்டமும் ஜன்னல் வழியே வகுப்புக்குள் வந்துவிடும். அதே நேரத்தில் பள்ளிச் சமையல் கூடத்தில் காலை உணவு தயாராகிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் யாராவது சருகைக் கொளுத்தியிருப்பார்கள். வகுப்பறைக்குள் வெள்ளையாக மிதப்பது பனியா, புகையா? மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால், சுவரில் மாட்டிய கருவி ஏமாந்துவிடும்!

வகுப்பறைக் காற்றைக் கண்காணிக்கும் சிறு கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று நுண்துகள்களை எண்ணும். மற்றொன்று பெயின்ட், தின்னர், ஃபினாயில், விறகுப்புகை போன்றவற்றிலிருந்து ஆவியாகி வரும் வேதிப்பொருட்களை உணரும். சமவெளியில் எழுதப்பட்ட அளவுகளை அப்படியே மலைப்பள்ளியில் வைத்தால், பனிக்காலம் முழுக்க அலாரம் கத்திக்கொண்டே இருக்கும். நான்கு நாள் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியர் ஐந்தாம் நாள் ஸ்விட்சை அணைத்துவிடுவார். நிஜமாகவே புகை சூழும் நாளில் கருவி தூங்கிக்கொண்டிருக்கும்.

கருவி ஏன் ஏமாறுகிறது?

துகள் சென்சாருக்குள் ஒரு சிறு விசிறியும் லேசர் ஒளியும் இருக்கின்றன. விசிறி காற்றை இழுக்கிறது. காற்றிலுள்ள துகள் லேசரைக் கடக்கும்போது ஒளி சிதறுகிறது. அந்தச் சிதறலை வைத்தே துகளின் அளவும் எண்ணிக்கையும் கணக்கிடப்படுகின்றன. புகைத்துகளும் ஒளியைச் சிதறடிக்கும், பனியின் நீர்த்திவலையும் சிதறடிக்கும். லேசருக்கு இரண்டும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, ஈரப்பதம் கூடும்போது சாதாரணத் தூசியும் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகிறது.

அமெரிக்காவில் வீடுகளிலும் பள்ளிகளிலும் பரவலாக மாட்டப்பட்ட பர்ப்பிள்ஏர் கருவிகளிலும் இந்தச் சிக்கல் தெரிந்தது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவற்றை அரசின் தரமான நிலையங்களோடு ஒப்பிட்டு ஒரு திருத்தத்தை உருவாக்கியது. கருவி காட்டும் எண்ணை 0.524-ஆல் பெருக்க வேண்டும். ஈரப்பத சதவிகிதத்தை 0.0862-ஆல் பெருக்கி அதிலிருந்து கழிக்க வேண்டும். கடைசியில் 5.75-ஐக் கூட்ட வேண்டும். ஈரப்பதம் 95 சதவிகிதமாக இருக்கும்போது கருவி 100 என்று காட்டினால், திருத்திய அளவு சுமார் 50 மட்டுமே. பாதிக்குப் பாதி வித்தியாசம்!

ஆனால், இது அமெரிக்கக் காற்றுக்கும் அந்த ஒரு கருவிக்கும் எழுதப்பட்ட கணக்கு. அறைக்குள்ளேயே பனி புகுந்துவிட்டால் இதுவும் உதவாது. மலைக்கு வேறு வழி வேண்டும்.

இரண்டு சாட்சிகள்

அந்த வழி கருவிக்குள்ளேயே இருக்கிறது. விறகோ சருகோ எரிந்தால் நுண்துகளும் ஏறும், ஆவியாகும் வேதிப்பொருட்களும் ஏறும். பனி வந்தால் துகள் எண் மட்டும்தான் பெரிதாக ஏறும். ஆகவே ஈரப்பதம் 90 சதவிகிதத்துக்கு மேல் போனால், துகள் சென்சாரின் பேச்சை மட்டும் நம்பக் கூடாது. வேதிப்பொருள் சென்சாரும் சாட்சி சொன்னால்தான் அலாரம் அடிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது சாட்சிக்கும் ஒரு பலவீனம் உண்டு. சென்சிரியான் எஸ்.ஜி.பி. 40 போன்ற சென்சார்களோடு வரும் மென்பொருள் 1 முதல் 500 வரை ஒரு குறியீட்டெண்ணைத் தருகிறது. கடந்த 24 மணி நேரத்தின் சராசரி நிலைதான் அதில் 100. அதாவது, 'நேற்றைவிட இன்று எப்படி?' என்று மட்டுமே அது சொல்லும். புதிதாக பெயின்ட் அடித்த அறையில் முதன்முதலாக அதை இயக்கினால், அந்த நெடியையே இயல்பு என்று எடுத்துக்கொண்டு 100 என்று காட்டும். எனவே பெயின்ட் அடிப்பதற்குச் சில நாட்கள் முன்பே கருவியை ஓடவிட வேண்டும். மின்சாரம் வெகுநேரம் போய்வந்தால் அது பழசை மறந்து, மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் ஒரு சிறிய பேட்டரி அவசியம்.

எங்கே மாட்டுவது?

நான்கைந்து அறைகள் உள்ள ஒரு மலைப்பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். அதற்கு மூன்று கருவிகள் போதும். ஒன்று, சமையல் கூடத்துக்கு மிக அருகிலுள்ள வகுப்பில். இரண்டாவது, அதிலிருந்து தள்ளியிருக்கும் வகுப்பில். மூன்றாவது, மழையும் வெயிலும் படாமல் வெளித் தாழ்வாரத்தின் கூரைக்கடியில். சமையல் கூடத்துக்குள் வைக்க வேண்டாம். சோறு கொதிக்கும் ஆவியையும் அது துகள் என்றே எண்ணும். பிள்ளைகள் சுவாசிப்பதும் அந்தக் காற்றையல்ல.

வகுப்புக்குள் தரையிலிருந்து ஒரு மீட்டர் முதல் 1.2 மீட்டர் உயரத்தில், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மூக்கு மட்டத்தில் இருக்க வேண்டும். கதவு, ஜன்னலிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினால் சாக்பீஸ் தூசிதான் பதிவாகும். காற்றோட்டமில்லாத மூலையும் வேண்டாம்.

எந்த எண்ணில் அலாரம்?

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன 24 மணி நேர வரம்பு, ஒரு கன மீட்டரில் 15 மைக்ரோகிராம் நுண்துகள் (பி.எம். 2.5). இந்தியாவின் வரம்பு 60. இரண்டுமே ஒருநாள் சராசரிக்கானவை. ஒரு நொடி எட்டிப்பார்க்கும் எண்ணை இவற்றோடு ஒப்பிட்டுப் பதறக் கூடாது. ஒரு பெஞ்சை இழுத்தாலே தூசி கிளம்பி எண் துள்ளும்.

எனவே 15 நிமிட சராசரியை எடுக்கலாம். அது 30-ஐத் தாண்டினால் மஞ்சள் விளக்கு, 60-ஐத் தாண்டினால் சிவப்பு. நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில் 'நன்று' முடியும் எண் 30, 'திருப்தி' முடியும் எண் 60. வேதிப்பொருள் குறியீட்டெண் 15 நிமிடம் 200-க்கு மேல் நின்றால் அதற்கும் மஞ்சள். ஈரப்பதம் 90-ஐத் தாண்டிய நேரத்தில் மட்டும், துகளோடு வேதிப்பொருள் குறியீட்டெண்ணும் 150-ஐத் தாண்டினால்தான் விளக்கு எரிய வேண்டும். எரிந்த விளக்கு, துகள் 25-க்குக் கீழே இறங்கி 15 நிமிடம் கழித்தே அணையட்டும். இல்லையென்றால் அது மின்மினியாகிவிடும். இவை தொடக்க எண்கள். ஒரு மாதப் பதிவைப் பார்த்து, அந்தப் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

உதாரணமாக, காலை 8 மணிக்கு உள்ளே 90, வெளியே 110, ஈரப்பதம் 97, வேதிப்பொருள் 105 என்று வைத்துக்கொள்வோம். இது பனி. விளக்கு எரியாது. 8.40-க்கு வெயில் வந்து ஈரப்பதம் 80-க்கு இறங்குகிறது. உள்ளே 85, வெளியே 30, வேதிப்பொருள் 240. இது புகை, அதுவும் பள்ளிக்குள்ளிருந்தே வருவது. சமையல் கூடத்தை நோக்கிய கதவைச் சாத்தி, எதிர்ப்புற ஜன்னலைத் திறக்க வேண்டும். மாறாக, வெளியேதான் எண் அதிகம் என்றால் ஜன்னலைத் திறப்பது தவறு. புகை அடங்கும்வரை மூடி வைக்க வேண்டும். இதைச் சொல்வதற்குத்தான் தாழ்வாரத்துக் கருவி.

இந்த விதியிலும் ஓர் ஓட்டை உண்டு. தொலைவில் எரியும் காட்டின் புகை மெல்ல மெல்ல வந்து சேரும்போது, வேதிப்பொருள் சென்சார் அதற்குப் பழகிவிடலாம். அது பனியோடு கலந்து வந்தால் விளக்கு எரியாமலே போகலாம். புகை வாசம் வந்தால் விளக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. இழுப்பு உள்ள பிள்ளையை உடனே புகையில்லாத அறைக்கு மாற்றிவிட வேண்டும்.

பருவத்துக்கு ஒருமுறை மூன்று கருவிகளையும் ஒரே மேஜையில் ஒருநாள் முழுக்கப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால், பெரும்பாலும் அதன் விசிறி வாயில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கும். துடைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம். அப்போதும் ஒத்துப்போகவில்லையென்றால், அந்த சென்சாரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.