டிஸ்கஸ் சரிங்க, 'அபவுட்' எதுக்கு?

கணபதியில ஒரு பம்ப் கம்பெனி இன்டர்வியூ. 'வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி டிசைன்'னு சொன்னேன். எதிரில் இருந்தவர், "அந்த 'அபவுட்' வேண்டாமுங்க" என்றார். ஏன்னு எனக்கு அப்போ புரியல.

தமிழில் 'டிசைனைப் பத்திப் பேசினோம்' என்போம். அந்தப் 'பத்தி'தான் 'அபவுட்'டாக வந்து ஒட்டிக்குது. ஆனா டிஸ்கஸ் என்றாலே 'பற்றிப் பேசு'தான். 'பற்றி' உள்ளேயே இருக்கு. 'டாக்'குக்குள்ள அது இல்லை, அதனால 'டாக் அபவுட்' சரி.

இன்னொரு குழப்பம், பெயர்ச்சொல். 'எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி' சரி. வினைச்சொல்லா வந்தா 'எம்ஃபசைஸ் குவாலிட்டி' மட்டும்தான். 'டிஸ்கஷன் அபவுட்' தப்பில்லாததும் இதனாலதான்.

'ரிட்டர்ன் பேக்'? அந்த 'ரி'யிலேயே 'திரும்ப' இருக்குங்க.

தலைகீழாகவும் நடக்கும். 'பாட்டு கேக்கறேன்'னு நினைச்சு 'லிசன் மியூசிக்' என்போம். அங்கே 'டு' காணாமப் போயிடும்.