மேக் கணினியில் மெயில் சுற்றிக்கொண்டே இருக்கிறதா?

புதிதாக வாங்கிய மேக் கணினியில் மெயில் செயலியைத் திறந்து, பல வருடப் பழைய ஜிமெயில் கணக்கைச் சேர்க்கிறார் ஒருவர். கடவுச்சொல் சரிபார்க்கப்பட்டுவிட்டது. செயலியும் திறந்துவிட்டது. ஆனால் கடிதம் ஒன்றும் வரவில்லை; ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கணக்கை நீக்கி மறுபடி சேர்க்கிறார். மறுபடியும் அதே சுற்றல்.

இந்த நிலையில் பெரும்பாலானோர் செய்யும் காரியம் இதுதான், காலத்தை அதிகம் வீணாக்குவதும் இதுதான். சுற்றல் என்பது வேலை நடக்கிறது என்றும் சொல்லலாம், வேலை நின்றுவிட்டது என்றும் சொல்லலாம். எது என்று தெரியாமல் கணக்கை நீக்கினால், அதுவரை இறங்கியதெல்லாம் போய், பதிவிறக்கம் முதலிலிருந்து தொடங்கும்.

சுற்றுவது எது என்பதை முதலில் பாருங்கள். மெயில் சாளரத்துக்குள்ளேயே சின்ன வளையமாகச் சுற்றினால், மெனுக்கள் திறந்தால், செயலி உயிரோடு இருக்கிறது என்று பொருள். மவுஸ் அம்பே வண்ணப் பந்தாக மாறி, எதை அழுத்தினாலும் பதில் இல்லையென்றால், செயலி உங்கள் சொல்லைக் கேட்கும் நிலையில் இல்லை. இரண்டுக்கும் வழி வேறு.

முதலில் சின்ன வளையம். மேலே உள்ள Window மெனுவில் Activity என்பதைத் திறங்கள். எந்தக் கணக்கில், எந்தப் பெட்டியில், எத்தனை கடிதங்கள் இறங்குகின்றன என்று அந்தச் சின்னச் சாளரம் காட்டும். அதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் பழுது ஒன்றும் இல்லை; வேலை பெரிது, அவ்வளவுதான்.

எவ்வளவு பெரிது? கணக்கில் 10 ஜிபி அளவுக்குக் கடிதங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்படி வெளிச் செயலிகள் வழியே இறக்கிக்கொள்ள ஜிமெயில் ஒரு நாளைக்கு 2,500 எம்பி என்று வரம்பு வைத்திருக்கிறது. இணைப்பு எத்தனை வேகமாக இருந்தாலும், அத்தனையையும் இறக்க ஏறக்குறைய நான்கு நாட்கள் ஆகிவிடும். வரம்பைத் தாண்டினால் கூகுள் சிறிது காலம் அந்த வழியை அடைத்துவிடும். காலையில் ஓடிய எண் மாலையில் அசையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கணக்கை நீக்கி நீக்கிச் சேர்ப்பவர், அந்த நாளின் பங்கை ஒரே கடிதங்களுக்காகத் திரும்பத் திரும்பச் செலவழிக்கிறார்.

இறக்குவதோடு வேலை முடிவதும் இல்லை. லாரியில் வந்த சரக்கைக் கடைக்காரர் பேரேட்டில் ஏற்றுவதுபோல, வந்த ஒவ்வொரு கடிதத்தையும் மெயில் தன் அட்டவணையில் பதிய வேண்டும். பிறகுதான் தேடினால் கிடைக்கும். கணினியை மின்சாரத்தில் செருகி, உறங்கவிடாமல் ஓர் இரவு விட்டுவைப்பது இதற்கு உதவும்.

அத்தனை பழைய கடிதங்களும் கணினியில் வேண்டாம் என்றால் சுமையைக் குறைக்கலாம். உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் Forwarding and POP/IMAP பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இத்தனை கடிதங்களுக்கு மேல் காட்ட வேண்டாம் என்று வரம்பிடும் வசதி அங்கே இருக்கிறது. 1,000 முதல் 10,000 வரை தேர்ந்தெடுக்கலாம். பழையவை அழிந்துவிடாது, உலாவியில் அப்படியே இருக்கும். அடுத்து, மெயில் செயலியின் கணக்கு அமைப்பில் Download Attachments என்பதை None என்று மாற்றினால் இணைப்புக் கோப்புகள் தானாக இறங்காது. திறக்கும்போது மட்டும் வரும்.

எண் நகரவே இல்லையென்றால், அதே Window மெனுவில் Connection Doctor இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் கடிதம் வாங்கும் வழி, அனுப்பும் வழி இரண்டையும் சோதித்து, பச்சை அல்லது சிவப்புப் புள்ளி வைக்கும். சிவப்பு வந்தால், கணக்கைச் சேர்த்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். சேர்க்கும்போது Google என்பதைத் தேர்ந்தெடுத்து, உலாவியில் திறக்கும் கூகுள் பக்கத்தில் உள்நுழைவதுதான் சரியான வழி. வேறு கணக்கு என்று தேர்ந்தெடுத்து வழக்கமான கடவுச்சொல்லை நேராகத் தட்டச்சு செய்தால் ஜிமெயில் ஏற்காது. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியைக் கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்திவிட்டது. கடவுச்சொல் சரியாக இருந்தும் சிவப்பு மாறாவிட்டால், விபிஎன் அல்லது வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சற்று நேரம் நிறுத்திச் சோதியுங்கள். கணினியின் தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே அமையாது.

இனி வண்ணப் பந்து. இங்கே மெயிலின் மெனுக்கள் திறக்காது என்பதால் Activity Monitor செயலியைத் திறந்து, Mail என்ற வரியைத் தேடுங்கள். சிவப்பு எழுத்தில் Not Responding என்று இருந்தாலும் பதற வேண்டாம். CPU அளவு உயர்ந்திருந்தால், அட்டவணை போடும் வேலையில் மூழ்கியிருக்கலாம். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அளவு நெடுநேரம் பூஜ்யத்தையே ஒட்டி நின்றால்தான் சிக்கிக்கொண்டது என்று கொள்ளலாம்.

அப்போது Option, Command, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தி மெயிலைக் கட்டாயமாக மூடுங்கள். உடனே திறக்காதீர்கள். System Settings சென்று, Internet Accounts பகுதியில் புதிய கணக்கைத் தேர்ந்தெடுத்து, அதில் Mail என்ற பொத்தானை மட்டும் அணையுங்கள். பிறகு Shift விசையை அழுத்திக்கொண்டே மெயிலைத் திறங்கள். போன தடவை திறந்திருந்த சாளரங்கள் இல்லாமல் திறக்கும். இப்போது ஒழுங்காக இயங்கினால் சிக்கல் புதிய கணக்கில்தான். மேலே சொன்ன வரம்பை இட்டுவிட்டு அந்தப் பொத்தானை மறுபடி போடலாம்.

புதிய கணக்கை அணைத்த பின்பும் பந்து சுற்றினால், மெயிலின் அட்டவணை பழுதாகியிருக்கக்கூடும். மெயிலை மூடிவிட்டு, ஃபைண்டரின் Go மெனுவில் Go to Folder வழியாக இந்த இடத்துக்குப் போங்கள். V10 என்ற எண் உங்கள் மேக்கின் பதிப்பைப் பொறுத்து மாறலாம்.

```
~/Library/Mail/V10/MailData
```

அங்கே Envelope Index என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். அடுத்த முறை திறக்கும்போது, இருக்கிற கடிதங்களைக் கொண்டு மெயில் புதிய அட்டவணையைத் தானே கட்டிக்கொள்ளும். கடிதங்கள் அதிகம் என்றால் இதற்கும் நேரம் பிடிக்கும். எல்லாம் சரியாக வந்த பிறகு டெஸ்க்டாப்பில் வைத்ததை நீக்கலாம்.

Mail கோப்புறை முழுவதையும் மட்டும் அழித்துவிடாதீர்கள். ஜிமெயில் கடிதங்கள் கூகுளிடமிருந்து திரும்ப வந்துவிடும்; ஆனால் On My Mac என்ற தலைப்பின்கீழ் நீங்கள் சேமித்து வைத்தவை அந்தக் கணினியில் மட்டுமே இருப்பவை, அவை எங்கிருந்தும் திரும்ப வராது.