வடிகட்டியும் செம்மண் சாலையும்

கரூர் பக்கம் ஒரு கிரஷரில் என் மச்சான் வேலை பார்க்கிறார். வீட்டிலிருந்து கிரஷருக்குப் போய்வர தினமும் நாற்பது கிலோமீட்டர். அதில் கால்வாசி லாரிகள் உழுது போட்ட மண் சாலை. வண்டி வாங்கி ஒன்றரை வருஷத்திலேயே சைலன்சரில் நீலப் புகை வந்துவிட்டது. "வாரா வாரம் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காற்று அடிச்சுட்டுத்தானே மாட்டுறேன்?" என்று கேட்டார். வினை அந்தக் காற்றில்தான் இருந்தது.

முதலில் வண்டி எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் வண்டி மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 17 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அதற்கான காற்று ஒன்றரை லட்சம் லிட்டர். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால், அப்படி ஐந்து அறைகளில் இருக்கும் காற்று முழுவதும் மாதாமாதம் அந்தச் சின்ன சிலிண்டருக்குள் போய்வருகிறது. கிரஷர் தூசியில் குவார்ட்ஸ் உண்டு. அது சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத பொடியாக ஆயிலில் கலந்து, பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

இதைத் தடுக்கும் வடிகட்டிகள் மூன்று வகை. மூன்றும் தூசியைப் பிடிக்கும் விதம் வேறு என்பதால் சுத்தம் செய்யும் விதமும் வேறு.

உலர்ந்த காகித வடிகட்டி தூசியை மேற்பரப்பிலேயே நிறுத்துகிறது. படிந்த தூசியே அடுத்து வரும் தூசிக்கு இன்னொரு சல்லடையாகிவிடும். அதனால் காகிதம் புதிதாக இருக்கும்போதுதான் கொஞ்சம் அதிகமாகத் தூசியை விடும். லேசாக அழுக்கேறியதும் நன்றாகப் பிடிக்கும். அளவு மீறிப் படிந்தால் காற்று குறையும். அடிக்கடி கழற்றித் தட்டுவதால் லாபமில்லை. கம்ப்ரசர் காற்றை அருகில் வைத்து அடித்தால் மடிப்புகளில் நூல் நூலாகக் கிழிசல் விழும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசித்துளைகளாகத் தெரியும்.

எண்ணெய் தோய்த்த காகிதம் பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். தொழிற்சாலையிலேயே எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். தூசி ஒட்ட ஒட்ட எண்ணெய் அதற்குள் ஊறி, தூசியே அடுத்த தூசியைப் பிடிக்கும். இதில் காற்று அடித்தால் எண்ணெய் போய்விடும், தூசி உள்ளே இறங்கும். மச்சான் வண்டியில் இருந்தது இதுதான். கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது. காலம் வந்ததும் மாற்ற வேண்டும், அவ்வளவே. கையேட்டில் சாதாரண சாலைக்குப் போட்டிருக்கும் தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள் என்று கிரஷர் சாலைக்காரர்களுக்குச் சொல்வேன்.

ஸ்பாஞ்ச் வடிகட்டியைத்தான் கையால் கழுவி மறுபடி மாட்டலாம். அதன் பலமும் பலவீனமும் எண்ணெய்தான். எண்ணெய் போடாத ஸ்பாஞ்சின் துளைகள் பெரியவை, நுண்தூசி நேரே நுழைந்துவிடும். மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ அமுக்கிக் கழுவுங்கள். துணி மாதிரி முறுக்கினால் ஒட்டு விட்டுவிடும். பெட்ரோலில் கழுவினால் தீ அபாயம், ஸ்பாஞ்சும் கெடும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு கியர் ஆயிலையோ அதற்கென விற்கும் ஆயிலையோ ஊற்றி, எல்லா இடமும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிடுங்கள். சொட்டச் சொட்ட மாட்டினால் காற்று அடைபட்டு பிளக் கறுக்கும்.

தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு ஸ்பாஞ்சை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழுவினால் போதும். மச்சான் மாதிரி ஓட்டுகிறவர்களுக்கு 1,000, லாரிக்குப் பின்னாலேயே போகிறவர்களுக்கு 500 என்பது என் கணக்கு. உலர் காகிதத்தை அப்படிப்பட்ட சாலையில் 1,500 கிலோமீட்டரில் எடுத்துப் பார்த்து, தரையில் மெல்லத் தட்டலாம்; இரண்டு முறைக்கு மேல் தட்டிப் பயன்படுத்தாமல் மாற்றுங்கள். மைலேஜ் குறைகிறதா என்று காத்திருக்க வேண்டாம். கார்ப்பரேட்டர் வண்டியில் அது காட்டிக்கொடுக்கும். பெட்ரோலை அளந்து பீய்ச்சும் புது வண்டிகள் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலையும் குறைத்துக்கொள்வதால் இழுவை மட்டும் மெல்லக் குறையும்.

நிச்சயமான சோதனை வேறு. வடிகட்டியைக் கழற்றியதும் என்ஜின் பக்கம் போகும் ரப்பர் குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சுத்தமாக இருந்தால் வடிகட்டி தன் வேலையைச் செய்கிறது. மணல் நரநரத்தால் காகிதம் கிழிந்திருக்கும், அல்லது விளிம்பு ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்காது. மச்சான் வண்டிக் குழாயைத் துடைத்த துணியில் செம்பொடி பட்டையாக ஒட்டியிருந்தது. ரிங்கும் பிஸ்டனும் மாற்றி, சிலிண்டரைப் போர் செய்ய வேண்டியதாயிற்று.